பொங்கல் அழைப்பை ஆறு அட்டைகளில் சொல்வது

2026-இல் தைப்பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை வந்தது. லண்டனில் அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு வேலை. வீட்டில் சூரியனுக்குப் படைத்துவிட்டு அவரவர் கிளம்பிவிட, ஊர் கூடும் பொங்கல் ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றிலும் இதுதான் நடைமுறை. அதனால் சங்கத்தின் அறிவிப்புக்கு வேலை கூடிவிடுகிறது. ‘தைப்பொங்கலன்று வாருங்கள்’ என்று எழுதினால் பாதிப் பேர் 15-ஆம் தேதி என்று நினைத்துக்கொள்வார்கள். எந்தச் சனி, எத்தனை மணி, சாப்பாடு எப்போது என்று பளிச்சென்று சொல்லியாக வேண்டும்.

இப்போது பல சங்கங்கள் இதை இன்ஸ்டாகிராமில் கரோசலாகப் போடுகின்றன. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத் தொகுப்பு அது. ஒரே போஸ்டரில் கோலம், கரும்பு, பானை, நன்கொடையாளர் பெயர், நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றையும் திணிப்பதற்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை கிடைக்கிறது. ஆனால் போட்ட இடத்திலேயே அது தங்குவதில்லை. யாரோ ஒருவர் உணவு அட்டையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடுவார். அங்கிருந்து அது பெரியம்மாவுக்குப் போகும். பெரியம்மாவின் கையில் ‘வெண்பொங்கல், வடை, சாம்பார்’ இருக்கும். எந்த ஊரில், எந்த நாளில் என்பது இருக்காது. ஃபேஸ்புக்கில் அதே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய சதுரங்களாகத் தெரியும். கடைசி இரண்டு ‘+’ குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆகவே கரோசல் செய்கிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, ஒவ்வோர் அட்டையும் துணையில்லாமல் தனியே போகும் என்பதைத்தான். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும்: நாள், நேரம், மண்டபம், ஊர்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்க்கலாம். லண்டன் புறநகர் ஒன்றில் ஏறக்குறைய 200 பேர் கூடும் சங்கம். 17-ஆம் தேதி சனிக்கிழமை சுற்றுவட்டாரத்துச் சங்கங்கள் எல்லாம் பொங்கல் வைக்கும் என்பதால் 24-ஐ எடுத்திருக்கிறார்கள். பள்ளி மண்டபம் காலை 9 முதல் மாலை 5 வரை வாடகைக்கு. இதற்கு ஆறு அட்டைகள் போதும்: அழைப்பு, இடம், நிகழ்ச்சி நிரல், உணவு, ஒவ்வாமை விவரம், பதிவு. இன்ஸ்டாகிராம் 20 படம் வரை விடுகிறது. அதற்காக 20 செய்தால் நன்கொடையாளர் பட்டியலும் போன ஆண்டுப் படங்களும் உள்ளே நுழைந்துவிடும். நேரத்தைத் தேடுகிறவர் பாதியிலேயே போய்விடுவார்.

முதல் அட்டையில் படம் பெரிதாக இருக்கலாம், சொற்கள் குறைவாக இருக்கட்டும்:

பொங்கல் விழா
ஜனவரி 24, சனிக்கிழமை
காலை 10.30 – மாலை 3.45
மதிய உணவு உண்டு

கடைசி வரி சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் முதலில் முடிவு செய்வது அதை வைத்துத்தான். தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதுங்கள். எழுதியபின் நாள்காட்டியைத் திறந்து இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். போன ஆண்டு வடிவத்தையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது பழைய கிழமை அப்படியே தங்கிவிடுவது, சங்க அறிவிப்புகளில் அடிக்கடி காணும் பிழை.

படத்தின் அளவு 1080-க்கு 1350 பிக்சல் இருக்கட்டும், ஆறும் ஒரே அளவில். சங்கத்தின் பக்கத்தைத் திறந்தால் வரும் கட்டங்களில் படம் சற்று ஒடுக்கமாகத் தெரியும், அதாவது இரு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படும். நாற்புறமும் 80 பிக்சல் இடம் விட்டுவிட்டால் எழுத்து தப்பிக்கும். எழுத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1080 பிக்சல் அகலமுள்ள படம் கைப்பேசியில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. 40 பிக்சலில் எழுதினால் கண்ணுக்குத் தெரிவது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. தாத்தா பாட்டிகளும் படிக்க வேண்டுமானால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. கணினித் திரையில் எல்லாமே பெரிதாக அழகாகத்தான் தெரியும். கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வடிவமைக்கும் மென்பொருள் தமிழைச் சரியாகக் கையாளவில்லை என்றால் ‘பொங்கல்’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஃபோட்டோஷாப்பில் இப்படி வந்தால், பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வு போடப்படவில்லை என்று பொருள். பாமினியில் தட்டிய பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். எதை எடுத்தாலும் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். ‘மூ’வின் சுழியும் கீழ்வரி ‘கி’யின் வளைவும் முட்டிக்கொண்டால் படிக்கிறவர் தடுமாறுவார்.

இரண்டாவது அட்டை இடத்துக்கு. மண்டபத்தின் பெயர், தெரு, அஞ்சல் குறியீடு, பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து நடக்க எத்தனை நிமிடம், கார் எங்கே நிறுத்தலாம். பிரிட்டனில் அஞ்சல் குறியீட்டைத்தான் எல்லோரும் வழிகாட்டிக் கருவியில் போடுவார்கள். பெரிய பள்ளிகளில் அது முன்வாசலுக்குக் கொண்டுபோய் விடும். மண்டபத்துக்கு வழி பின்வாசலில் இருக்கும். ‘பின்வாசல் வழியாக வரவும்’ என்ற ஒரு வரி அன்று காலை வாசலில் நிற்கும் தொண்டரைக் காப்பாற்றும். சில சமயம் இன்ஸ்டாகிராம், முதல் படத்தைக் கடந்து போனவருக்கு அடுத்த முறை இரண்டாவது படத்தைக் காட்டுவதுண்டு. அதனால் இந்த அட்டையிலும் ‘பொங்கல் விழா’ என்ற தலைப்பு வேண்டும்; வெறும் முகவரியோடு விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, நிகழ்ச்சி நிரல். மேடையில் நடப்பது எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடும் ஆசை வரும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைவர் உரை, செயலாளர் அறிக்கை என்று அது போய்க்கொண்டே இருக்கும். அதெல்லாம் மேடையை நடத்துகிறவர் கையிலிருக்கும் தாளுக்கு உரியது. குடும்பம் அறிய வேண்டியது எந்த நேரத்துக்குள் வந்தே ஆக வேண்டும் என்பதுதான். அப்படிப்பட்ட நேரம் இந்த விழாவில் இரண்டு: பால் பொங்கும் நேரம், பந்தி.

பால் பொங்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும். சூரியனைப் பார்த்துப் பொங்க வேண்டுமென்றால் ஜனவரிக் கடைசியில் லண்டனில் காலை எட்டு மணி அளவில்தான் சூரியன் எழும். மாலை நாலரைக்கே மறைந்துவிடும். மண்டபச் சாவி 9 மணிக்குத்தான் கையில் கிடைக்கும். ஆக, முற்பகல்தான் வழி. அடுத்த கேள்வி, அடுப்பை எங்கே வைப்பது. மண்டபத்துக்குள் தீ மூட்டவோ கேஸ் சிலிண்டர் வைக்கவோ பெரும்பாலும் விட மாட்டார்கள். புகை உணரி ஒலித்தால் கட்டடமே வெளியேற வேண்டும். முற்றத்தில் பந்தல் போட்டு அடுப்பு வைக்கலாமா என்று மண்டபத்தாரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே நிகழ்ச்சி நிரலை அச்சேற்றுங்கள். உள்ளேதான் என்றால் மின்னடுப்பு. அதில் ஒரு சிக்கல் உண்டு: இண்டக்‌ஷன் அடுப்பு மண்பானையையும் பித்தளையையும் சூடாக்காது, காந்தம் ஒட்டும் அடியுள்ள எவர்சில்வர் பானை வேண்டும். மஞ்சள் கொத்தை அதன் கழுத்திலும் கட்டலாம்.

சடங்குக்கான பானையைச் சிறிதாக வைத்துக்கொள்வது நல்லது. நான்கு லிட்டர் பாலும் தண்ணீரும் 2 கிலோவாட் மின்னடுப்பில் கால் மணி முதல் இருபது நிமிடத்தில் பொங்கிவிடும். காற்று வீசும் முற்றத்துக் கேஸ் அடுப்பில் கூடுதல் நேரம் பிடிக்கும். பதினைந்து லிட்டர் பானையை ஏற்றிவிட்டுக் குளிரில் எல்லோரும் கோட்டோடு நின்று கொதிக்குமா, கொதிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தால், பொங்கும் நேரத்தில் பிள்ளைகள் உள்ளே ஓடிப் போயிருப்பார்கள். எல்லோருக்கும் பரிமாறும் பொங்கல் சமையலறையில் தனியே வேகட்டும். இந்தக் கணக்கின்படி 10.50-க்கு அடுப்பை ஏற்றினால் 11.15-க்குப் பொங்கும். நம்மவர்களுக்காக இன்னும் கால் மணி நேரம் விட்டு எழுதினால் அட்டை இப்படி வரும்:

10.30 வரவேற்பு, கோலம்
11.05 பொங்கல் பானை ஏற்றுதல்
11.30 பால் பொங்கும் நேரம் – வெளி முற்றத்தில், கோட்டோடு வரவும்
12.30 முதல் பந்தி: குழந்தைகள், முதியோர்
1.15 இரண்டாம் பந்தி
2.00 பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி
3.45 நிறைவு

ஏழு வரிகள். 44 பிக்சல் எழுத்தில் இதற்கு மேல் ஓர் அட்டை தாங்காது. பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒப்பனை நேரத்தைத் தனிச் செய்தியாக அனுப்பிவிடலாம். மற்ற 190 பேருக்கும் அது தேவையில்லை. நிறைவு 3.45 என்றிருப்பதையும் கவனியுங்கள். மண்டபத்தை 5 மணிக்கு ஒப்படைக்க வேண்டுமென்றால் துடைக்கவும் மேசைகளை மடக்கவும் ஒரு மணி நேரமாவது வேண்டும். ‘5.00 நிறைவு’ என்று எழுதும் சங்கம் கூடுதல் வாடகை கட்டும்.

நான்காவது அட்டைதான் அதிகம் பகிரப்படும், சந்தேகமே வேண்டாம். சாப்பாடு என்ன என்பதை ‘பாரம்பரிய உணவு’ என்று மூடி மறைக்காமல் பெயர் பெயராக எழுதுங்கள்: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், உளுந்து வடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி, கத்தரிக்காய்க் கூட்டு, சோறு, ரசம், தயிர், வாழைப்பழம். முழுவதும் சைவம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இந்த ஒரு பட்டியலை ஆங்கில எழுத்திலும் சிறிதாகப் போட்டால் போதும். மற்ற அட்டைகளில் எண்களே பாதி வேலையைச் செய்துவிடும்.

உணவு அட்டையில் ‘பதிவு ஜனவரி 14-இல் முடிகிறது’ என்ற வரியும் இருக்க வேண்டும். காரணம் அளவுதான். ஒரு கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் வெல்லம் போட்டுச் செய்யும் சர்க்கரைப் பொங்கல், பந்தியில் ஆளுக்கு ஒரு கரண்டியாக நாற்பது பேருக்கு வரும். 200 பேருக்கு ஐந்து கிலோ அரிசி. பதிவு செய்யாமல் 60 பேர் வந்தால் இனிப்பை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். வெண்பொங்கலும் வடையும் அப்படி நீளாது. சமைப்பவருக்குப் பத்து நாள் முன்னே எண்ணிக்கை சொன்னால்தான் வெல்லமும் நெய்யும் மொத்த விலையில் கிடைக்கும்.

பந்தி நேரத்தை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கும் சமையலறையில் காரணம் உண்டு. பிரிட்டனின் உணவு விதிப்படி சூடாகப் பரிமாறும் உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரண்டு மணி நேரத்துக்குள், அதுவும் ஒரே தடவை, பரிமாறி முடித்துவிட வேண்டும். வெந்த அரிசி வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதில் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமி பெருகும். அது விட்டுவைக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 12 மணிக்கு வந்திறங்கும் வெண்பொங்கலை உரைகள் முடியட்டும் என்று 2.30 வரை மேசையில் வைத்திருக்க முடியாது. உரைகள் நீண்டால் வெட்ட வேண்டியது உரையைத்தான்.

ஒவ்வாமை அட்டையைப் பல சங்கங்கள் விட்டுவிடுகின்றன, அல்லது ‘ஒவ்வாமை இருந்தால் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுகின்றன. பிரிட்டனில் உணவு விற்பவர் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. அந்தப் பட்டியலில் பால், முந்திரி போன்ற கொட்டைகள், நிலக்கடலை, எள், கடுகு, கோதுமை போன்ற தானியங்களின் குளூட்டன் எல்லாம் இருக்கின்றன. நம் பந்தியில் இவற்றில் பலவும் யாரும் நினைக்காத இடத்தில் ஒளிந்திருக்கும். தாளிப்பு முழுக்கக் கடுகு. இட்லிப் பொடிக்கு ஊற்றுவது நல்லெண்ணெய், அதாவது எள். வடை பொரிப்பது கடலை எண்ணெயா சூரியகாந்தியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது சாதாரணம். அரிசியும் பருப்பும்தானே, குளூட்டன் கிடையாது என்று சாம்பாரையும் வெண்பொங்கலையும் ஒரு சீலியாக் நோயாளிக்குக் கொடுத்தால் அவர் வயிறு படும் பாட்டை அன்றிரவு அவர்தான் அறிவார். டப்பாவின் பின்புறம் படித்துப் பாருங்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. முன்கூட்டியே வாங்கிச் சமையற்காரரிடம் கொடுத்துவிடலாம்.

ஆகவே இந்த அட்டை ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லட்டும்:

சர்க்கரைப் பொங்கல்: பால், நெய், முந்திரி
வெண்பொங்கல்: நெய், முந்திரி, பெருங்காயம் (கோதுமை இல்லாதது)
வடை: சூரியகாந்தி எண்ணெயில்
சாம்பார், கூட்டு, ரசம்: கடுகு, பெருங்காயம் (கோதுமை இல்லாதது)
தேங்காய்ச் சட்னி: கடுகு
தயிர்: பால்
எல்லாம் ஒரே சமையலறையில் செய்தவை

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரே கரண்டி, ஒரே வாணலி புழங்கும் இடத்தில் ‘முந்திரி இல்லாதது’ என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. வெண்பொங்கலுக்கு முந்திரித் தாளிப்பைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். ஆனாலும் கடுமையான ஒவ்வாமை உள்ளவர் தம் உணவைத் தாமே கொண்டுவரலாம் என்று எழுதுவதே நேர்மை. பால் சாப்பிடாதவருக்கு நெய்யில்லாத வெண்பொங்கல் ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்து வைப்பது சமையற்காரருக்குப் பெரிய வேலை இல்லை, முதல் நாளே சொல்லிவிட்டால்.

ஆறாவது அட்டை பதிவு: கட்டணம், கடைசி நாள், எங்கே பதிவது, யாரைக் கேட்பது. இங்கே கியூஆர் குறியைப் பெரிதாகப் போடும் வழக்கம் இருக்கிறது. அதைக் கைப்பேசியில் பார்ப்பவர், அதே கைப்பேசியை வைத்து எப்படி எளிதாகப் பிடிப்பார்? கோயில் வாசலிலும் மளிகைக் கடையிலும் ஒட்டும் தாளுக்குக் கியூஆர் சரி. கரோசலுக்குத் தட்டிப் போடக்கூடிய குறுகிய முகவரி வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டாலும் திறக்காது. சங்கத்தின் பக்க முகப்பில் வைத்துவிட்டு ‘இணைப்பு முகப்பில்’ என்று சொல்ல வேண்டும்.

படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு தனி வேலை செய்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றவரின் வாசிப்பான் சரியாகப் படிக்காது. தேதி, நேரம், இடம், உணவு நான்கையும் குறிப்பில் மறுபடி எழுதுங்கள். படத்துக்கான மாற்று உரையிலும் போடுங்கள். இன்னொரு வசதியும் உண்டு. வெளியிட்ட பிறகு குறிப்பைத் திருத்தலாம். ஆனால் ஓர் அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் திருத்திய படத்தை வைக்க முடியாது. எனவே மாறக்கூடியவை, அதாவது சிறப்பு விருந்தினர் பெயர், கார் நிறுத்தும் ஏற்பாடு, பனி விழுந்தால் என்ன செய்வோம் என்பது, குறிப்பில் இருக்கட்டும். மாறாதவை மட்டும் படத்தில்.

அப்படியும் மண்டபம் மாறிவிட்டால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவது மட்டும் போதாது. பழைய அட்டை பத்துக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிய முதல் அட்டையின் பின்னணி நிறத்தை மாற்றி, ‘இடம் மாற்றம்’ என்று மேலே எழுதி, பழைய மண்டபத்தின் பெயரையும் சொல்லி அங்கே வர வேண்டாம் என்று போடுங்கள். 24-ஆம் தேதி காலை பழைய மண்டபத்து வாசலில் ஒரு தொண்டர் புதிய முகவரி எழுதிய தாளோடு நிற்கட்டும், முதல் பந்தி முடியும்வரை.